தகப்பன் எங்கே என்று தெரியாதபோது பிள்ளையின் பாஸ்போட்: எந்த வழியால் போவது?

இலங்கையில் 16 வயது நிறையாத பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுப்பதென்றால் தாய், தகப்பன் இருவருடைய ஒப்புதலையும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் கேட்கும். இருவரும் ஒரே வீட்டில் இருந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை. படிவத்தை நிரப்பி, இரண்டு பேரின் அடையாள அட்டையையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போனால் முடிந்தது. ஸ்டூடியோவில் எடுத்த படம் கணினி வழியாகவே திணைக்களத்துக்குப் போய்விடும், 16க்குக் கீழே கைவிரல் அடையாளமும் தேவையில்லை.

ஆனால் நம்முடைய கிழக்கு மாவட்டங்களில் எல்லா வீடும் அப்படியில்லை. தகப்பன் கட்டாருக்கோ சவூதிக்கோ போய், முதல் இரண்டு வருடம் ஒழுங்காகப் பேசி, பிறகு நம்பர் மாறி, பிறகு ஒன்றுமே இல்லாமல் போன வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. தாய் வீட்டு வேலைக்குப் போய், பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுத் தொடர்பறுந்த வீடுகளும் உண்டு. விதி இரண்டு பக்கமும் ஒன்றுதான். தகப்பன் விண்ணப்பித்தால் தாயின் ஒப்புதல் வேண்டும். இந்தக் கட்டுரையில் தாய் விண்ணப்பிக்கிறார், தகப்பனைக் காணவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். மாறி இருந்தால் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலையில் இருப்பவருக்கு முன்னால் நான்கு வழி. தகப்பனைத் தேடிப் பிடித்துத் தூதரகம் மூலமாக ஒப்புதல் வாங்கலாம். கிராம சேவகர் சான்றும் சத்தியக்கடதாசியும் வைத்துத் திணைக்களத்தில் பேசிப் பார்க்கலாம். மாவட்ட நீதிமன்றத்தில் பிள்ளையின் பொறுப்பைத் தனக்குத் தரும்படி கட்டளை வாங்கலாம். பிள்ளைக்கு 16 ஆகும்வரை பேசாமல் இருக்கலாம். எது செலவு குறைவு, எது கெதியாக முடியும் என்று கேட்டுத்தான் பெரும்பாலானோர் முடிவெடுக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இந்தப் பிள்ளைக்கு 18 வயதாகும்வரை இந்த ஒப்புதல் இன்னும் எத்தனை தடவை தேவைப்படும்?

மூன்று வருடக் கணக்கு

பெரியவர்களின் கடவுச்சீட்டு 10 ஆண்டு செல்லும். பிள்ளைகளுக்கான கட்டணத்தில் எடுக்கும் கடவுச்சீட்டு 3 ஆண்டுதான். அந்த மூன்றும் முழுதாகக் கையில் நிற்காது, ஏனென்றால் பல நாடுகள் போய் இறங்கும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. ஆகவே பயணத்துக்கு உதவுவது இரண்டரை வருடம்.

கணக்குப் பார்ப்பதற்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். களுவாஞ்சிக்குடிப் பக்கம். மகன் 2010 ஒக்டோபரில் பிறந்தவன், மகள் 2017 ஜனவரியில் பிறந்தவள். தகப்பன் 2019இல் கட்டாருக்குப் போனார். கடைசியாகப் பேசியது 2021. இப்போது தாயின் அக்கா கனடாவிலிருந்து மூவரையும் கூப்பிடுகிறார். 2026 மார்ச்சில் விண்ணப்பம் போட நினைக்கிறார்கள்.

மகனுக்கு அப்போது 15 வயதும் ஐந்து மாதமும். ஏழு மாதம் பொறுத்தால் 16 நிறைந்துவிடும். சாதாரண தரப் பரீட்சைக்காக எடுத்த அடையாள அட்டை கையில் இருக்கும், கைவிரல் அடையாளம் கொடுத்து, 10 ஆண்டு செல்லும் கடவுச்சீட்டைத் தன் பெயரில் எடுத்துக்கொள்வான்.

மகளுக்கு ஒன்பது வயது. 2026இல் எடுத்தால் 2029இல் முடியும். திரும்ப எடுத்தால் 2032இல் முடியும். அவளுக்கு 16 ஆவது 2033 ஜனவரியில். இடைவெளி விடாமல் பாஸ்போட் வைத்திருக்க வேண்டுமானால் மூன்று தடவை விண்ணப்பிக்க வேண்டும். மூன்று தடவையும் திணைக்களம் இருவரின் ஒப்புதலைக் கேட்கும். 2026இல் எப்படியோ ஒரு கடிதம் கிடைத்தாலும் 2029இல் அதே தேடல் மறுபடி தொடங்கும். தகப்பனின் கடிதம் அந்த ஒரு விண்ணப்பத்தோடு முடிந்துவிடும். நீதிமன்றக் கட்டளையோ, யாராவது போய் மாற்றாதவரை பிள்ளை மேஜராகும் மட்டும் நிற்கும். நான்கு வழிகளையும் நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்.

வழி ஒன்று: தகப்பனைத் தேடிப் பிடிப்பது

உண்மையில் “கிடைக்கவில்லை” என்பதும் “நாம் தேடவில்லை” என்பதும் வேறு. சண்டையோடு பிரிந்த வீடுகளில் தாய்க்கு நம்பர் தெரியாது, ஆனால் மாமியாருக்குத் தெரியும். ஒவ்வொரு பெருநாளுக்கும் தைப்பொங்கலுக்கும் அவர் தன் தாயோடு பேசிக்கொண்டுதான் இருப்பார். அப்படியிருந்தால் அவர் காணாமல் போனவர் அல்லர், உங்களோடு பேசாதவர். இந்த வித்தியாசம் பின்னால் நீதிமன்றத்தில் பெரிதாக வரும், அதனால் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். நேரே போகக் கூச்சமென்றால் கோயில் வண்ணக்கரையோ பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒருவரையோ அனுப்பலாம்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவர் என்றால் எந்த முகவர் மூலம், எந்த வேலைக்கொள்வோரிடம் போனார் என்ற விபரம் பணியகத்தில் இருக்கும். தொடர்பு இல்லை என்று குடும்பத்தவர் அங்கே முறைப்பாடு கொடுக்கலாம். அந்த நாட்டிலுள்ள நம் தூதரகத்துக்கு அது போகும். ஆள் கிடைப்பார் என்று சொல்ல முடியாது. கிடைக்காவிட்டாலும் முறைப்பாட்டு இலக்கத்தைக் கவனமாக எழுதி வையுங்கள்.

ஆள் கிடைத்து, அவரும் சம்மதித்தால், இதைவிடச் சுகமான வழி இல்லை. அவர் தன் கடவுச்சீட்டோடு அங்குள்ள இலங்கைத் தூதரகத்துக்கோ கொன்சியூலர் அலுவலகத்துக்கோ போய், அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட்டு, அத்தாட்சிப்படுத்திய மூலப் பிரதியை அனுப்ப வேண்டும். பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் “எனக்குச் சம்மதம்” என்று அனுப்பிய குரல்பதிவு, அனுப்பியவர் உண்மையான தகப்பனாகவே இருந்தாலும், கவுண்டரில் செல்லாது.

சிக்கல் எங்கே வருமென்றால், சுவிசிலோ பிரான்சிலோ அகதித் தஞ்சம் கேட்டிருக்கும் தகப்பன்மாரிடம். ஆளோடு தினமும் வீடியோவில் பேசுவார்கள், சம்மதமும் தருவார். ஆனால் இலங்கைத் தூதரக வாசலில் கால்வைக்க மாட்டார். தன் நாட்டு அரசுக்குப் பயந்து வந்தேன் என்று சொன்னவர் அந்த நாட்டின் தூதரகத்துக்குப் போய்வந்தால் அங்குள்ள வழக்கு கெட்டுவிடலாம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, அவரைத் திட்டிப் பயனில்லை. இப்படிப்பட்ட குடும்பத்துக்கும் கடைசியில் மூன்றாவது வழிதான் பொருந்தும். வித்தியாசம் என்னவென்றால், எதிர்ப்பு இல்லாத வழக்கு என்பதால் பாரம் குறைவு.

சிறையில் இருப்பவரைக் கிடைக்காதவர் என்று எழுதாதீர்கள். சிறை அத்தியட்சகர் ஊடாக அவரிடம் கையெழுத்து வாங்க முடியும். இறந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழ் போதும். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தால், திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குச் சட்டப்படி தாய்தான் பாதுகாவலர், தேடவேண்டிய இன்னொருவர் இல்லை.

வழி இரண்டு: ஜீஎஸ் கடிதமும் சத்தியக்கடதாசியும்

ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான். கிராம சேவகரிடம் ஒரு கடிதம், அதில் பிரதேச செயலாளரின் கையொப்பம், பொலிசில் ஒரு முறைப்பாட்டுப் பிரதி, சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி. செலவும் பெரிதாக இல்லை.

இந்தக் கடதாசிகள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். “இன்னார் இத்தனையாம் ஆண்டு முதல் குடும்பத்தோடு இல்லை, இருப்பிடம் தெரியாது” என்கின்றன. அது ஒப்புதல் ஏன் இல்லை என்பதற்குச் சான்று. அதுவே ஒப்புதல் ஆகிவிடாது. ஒரு தகப்பனின் உரிமையை எடுத்துத் தாயிடம் கொடுக்கும் அதிகாரம் கிராம சேவகருக்கும் இல்லை, ஜேபிக்கும் இல்லை. கவுண்டரில் இருக்கும் அலுவலர் “நீதிமன்றக் கட்டளை கொண்டு வாருங்கள்” என்றால் அதற்குப் பதில் சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது.

அதனால் இந்தக் கடதாசிக் கட்டை மட்டும் நம்பிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்கு இரவு ரயில் ஏறவேண்டாம். கண்டி, வவுனியா பிராந்திய அலுவலகங்களும் நமக்குக் கிட்ட இல்லை. முதலில் திணைக்களத்தின் 1962 இலக்கத்துக்கு எடுத்து உங்கள் நிலைமையைச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, இருக்கும் ஆவணங்களைக் குறிப்பிட்டுக் கட்டுப்பாட்டாளர் நாயகத்துக்குப் பதிவுத்தபாலில் எழுதி, எழுத்தில் பதில் கேட்பது. “இவை போதும்” என்று எழுத்தில் வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வராவிட்டாலும் நட்டமில்லை, இதே கடதாசிகள்தான் அடுத்த வழிக்கு மூலதனம்.

இந்தக் கட்டத்தில்தான் தரகர்கள் வருவார்கள். “அவருடைய கையெழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பார்கள். அது கள்ளக் கையெழுத்து, குற்றவியல் வழக்கு. அதுவும் தரகர் மீது மட்டும் போகாது, படிவத்தில் பெயர் போட்ட தாய் மீதும் போகும். பிறகு ஒருநாள் தகப்பன் திரும்பி வந்து “நான் கையெழுத்து வைக்கவே இல்லை” என்று ஒரு முறைப்பாடு கொடுத்தால், பிள்ளையின் பொறுப்பு யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வியிலேயே தாயின் கை தாழ்ந்துவிடும்.

வழி மூன்று: மாவட்ட நீதிமன்றம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் பகுதியில் நிறையத் தாய்மார் ஏற்கனவே ஒரு நீதிமன்றக் கட்டளை வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு போய்த்தான் ஏமாறுகிறார்கள். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றம் கொடுத்த கட்டளை மாதாமாதம் காசு கட்டச் சொல்லும் கட்டளை. பிள்ளை யாருடைய பொறுப்பு என்பதை அது தீர்ப்பதில்லை. தகப்பன் காசு கட்டாமல் ஓடிவிட்டார், பிடியாணை கிடக்கிறது என்பது நல்ல சான்று, அவ்வளவுதான். முஸ்லிம் குடும்பங்களில் காதி நீதிமன்றத்தில் பஸ்ஹு என்ற விவாகரத்துப் பெற்ற தாய்மாருக்கும் இதே நிலைதான். விவாகரத்தும் தாபரிப்பும் காதியிடம் முடியலாம், ஆனால் பிள்ளையின் பொறுப்புக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

பிள்ளையின் கட்டுக்காவலும் பாதுகாவலும் பற்றி விசாரிப்பது மாவட்ட நீதிமன்றம். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று நமக்குக் கிட்ட இருக்கின்றன. பொதுவாகப் பிள்ளை வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்துக்குப் போவது. வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு வழக்குப் பேசித் தரும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதற்கு நிலையங்கள் இருக்கின்றன. வருமானத்தைப் பார்ப்பார்கள், அதனால் கிராம சேவகரின் வருமானச் சான்றும் எடுத்துப் போங்கள்.

விவாகரத்து வழக்கோடு சேர்த்துப் போடுவதா, பொறுப்பை மட்டும் கேட்பதா என்று சட்டத்தரணி கேட்பார். பொதுச் சட்டத்தின் கீழ் திருமணம் செய்தவர்களுக்கு மனமறிந்து கைவிட்டுச் செல்வது விவாகரத்துக்கு ஒரு காரணம், ஆகவே களுவாஞ்சிக்குடித் தாய்க்கு அந்தக் கதவும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் அங்கே முதலில் தற்காலிகத் தீர்ப்பு, அது முற்றாவதற்கு மேலும் மூன்று மாதம் என்று இழுக்கும். பாஸ்போட்தான் அவசரம் என்றால் பொறுப்பை மட்டும் கேட்கும் மனுவே எனக்குச் சரியாகப் படுகிறது. மறுமணம் செய்யும் எண்ணமோ காணி உறுதிப் பிரச்சினையோ இருந்தால் இரண்டையும் ஒரே செலவில் முடிப்பதில் அர்த்தம் உண்டு.

இனி, ஆளே இல்லாதவர் மீது எப்படி வழக்கு நடக்கும்? இதை நினைத்துத்தான் பலர் பின்வாங்குகிறார்கள். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்கு அழைப்பாணை போகும். அதைக் கொண்டுபோகும் பிஸ்கால் உத்தியோகத்தர் போய் “ஆள் இல்லை” என்று அறிக்கை கொடுப்பார். அதற்குப் பிறகு குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 60ஆம் பிரிவின்கீழ் பிரதியீட்டுச் சேர்ப்பிப்புக் கேட்கலாம். அதாவது அந்த வீட்டின் முகப்பில் அழைப்பாணையை ஒட்டுவது, அல்லது பத்திரிகையில் விளம்பரம் போடுவது, நீதிபதி எப்படிச் சொல்கிறாரோ அப்படி. அதற்கும் வராவிட்டால் அவர் இல்லாமலே விசாரித்துக் கட்டளை கொடுப்பார்கள். எத்தனை தவணை போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாதக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் லீவுக்குப் பயணம் என்று ஒக்டோபரில் சட்டத்தரணியைத் தேடினால் நடக்காது.

இந்த இடத்தில் வழக்கைத் தூக்கி நிறுத்துவது நீங்கள் உண்மையாகத் தேடினீர்கள் என்ற சான்று. களுவாஞ்சிக்குடித் தாயின் பையில் என்ன இருக்க வேண்டும் என்று பார்ப்போம். தகப்பனின் பழைய அறை விலாசத்துக்கு அனுப்பிய பதிவுத்தபால், “பெறுநர் இல்லை” என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். உள்ளே என்ன எழுதினார் என்பது அவருக்கே தெரியும், நீதிமன்றம் பார்ப்பது வெளியே இருக்கும் முத்திரையும் திகதியும். பணியகத்து முறைப்பாட்டு இலக்கம், பொலிஸ் பிரதி, கிராம சேவகர் சான்று. 2021இல் கடைசியாகப் பேசிய வாட்ஸ்அப் பக்கத்தின் படம், அதற்குப் பிறகு ஒற்றைச் சரியோடு நிற்கும் செய்திகள் வரை. தகப்பனின் தம்பியோ தாயோ “எங்களுக்கும் தொடர்பில்லை” என்று சத்தியக்கடதாசி தருவார்களானால், மற்ற எல்லாக் கடதாசியையும்விட அதற்கு எடை கூட.

அந்தக் கடைசிக் கடதாசி ஏன் முக்கியம் என்றால், ஒருதலைப்பட்சமாகக் கிடைத்த தீர்ப்பை அவர் வந்து உடைக்கலாம். தீர்ப்பின் பிரதி அவருக்கு அறிவிக்கப்பட்டதிலிருந்து 14 நாளுக்குள், தனக்கு அழைப்பாணை கிடைக்கவில்லை அல்லது வரமுடியாததற்குத் தகுந்த காரணம் இருந்தது என்று காட்டினால், அதை இரத்துச்செய்யும்படி கேட்க முடியும். மாமியார் வீட்டில் அவருடைய கட்டார் நம்பர் சுவரிலேயே எழுதிக் கிடக்க, நீங்கள் “இருப்பிடம் தெரியாது” என்று சத்தியம் செய்திருந்தால், அவருக்கு வேலை மிகச் சுலபம். தொடர்பு இருந்தும் அவர் மறுக்கிறார் என்றால் அதையே எழுதுங்கள். மறுக்கும் தகப்பனுக்கு எதிராகவும் நீதிமன்றம் பிள்ளையின் நலனைப் பார்த்துக் கட்டளை கொடுக்கும். நம்முடைய ரோமன் டச்சுச் சட்டத்தில் திருமணத்துக்குள் பிறந்த பிள்ளை விடயத்தில் தகப்பனுக்கு முன்னுரிமை இருந்தாலும், பிள்ளையின் நலன் அதைவிட மேலே என்றே நீதிமன்றங்கள் நடந்து வந்திருக்கின்றன.

மனுவில் என்ன கேட்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். “பிள்ளைகளின் பொறுப்பு தாய்க்கு” என்று மட்டும் கட்டளை வந்தால், பாஸ்போட் கவுண்டரில் ஒருவர் ஏற்றுக்கொள்வார், இன்னொருவர் “பயணத்துக்கு அனுமதி என்று இல்லையே” என்பார். சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லி மூன்றையும் எழுத வையுங்கள்: பொறுப்பு தாய்க்கு, தகப்பனின் ஒப்புதல் இல்லாமல் கடவுச்சீட்டு எடுக்கவும் புதுப்பிக்கவும் அனுமதி, பிள்ளைகளை வெளிநாட்டுக்குக் கூட்டிச்செல்ல அனுமதி. “புதுப்பிக்கவும்” என்ற அந்த ஒரு சொல் மகளுக்கு 2029இலும் 2032இலும் மறுபடி நீதிமன்றம் ஏறாமல் காப்பாற்றும்.

வழி நான்கு: 16 வரை பொறுப்பது

மகனுக்கு ஏழு மாதம்தான், பொறுத்தால் என்ன? 10 ஆண்டு பாஸ்போட், யாருடைய கடிதமும் வேண்டாம், வழக்குச் செலவும் இல்லை. பிள்ளைக்குப் 15 தாண்டியிருந்து, பயணமும் அவசரமில்லை என்றால், இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. அம்மம்மா வளர்க்கும் பிள்ளைகளுக்கும் பல வேளை இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும், இல்லாவிட்டால் அம்மம்மா தன்னைப் பாதுகாவலராக நியமிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் இப்போது இந்த வயதைத் தாண்டிவிட்டார்கள். காணாமற்போனோர் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒரு காலத்தில் தாய்மார் பட்ட அலைச்சல் பாஸ்போட் விடயத்தில் பெரும்பாலும் முடிந்துவிட்டது, வேறு விடயங்களில் முடியவில்லை.

ஆனால் பொறுப்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 16 என்பது பாஸ்போட்டுக்கான வயது. விசாவுக்கு அப்படியில்லை. இலங்கைச் சட்டத்திலும் மேஜராவது 18இல்தான், வெளிநாட்டுத் தூதரகங்களும் 18க்குக் கீழே என்றால் பிள்ளையாகத்தான் பார்க்கும். தாயோடு மட்டும் பயணம் செய்கிறான் என்றால் தகப்பனின் ஒப்புதல் கடிதம் எங்கே, அல்லது தாய்க்குத்தான் முழுப்பொறுப்பு என்று காட்டும் கட்டளை எங்கே என்று கனடா விசா விண்ணப்பத்திலேயே கேள்வி வரும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கும் அப்படியே. பத்தரமுல்லையில் தாண்டிய அதே வேலி, விசா அலுவலகத்தில் மறுபடி வந்து நிற்கும்.

அதனால் களுவாஞ்சிக்குடி வீட்டுக்கு என் கணக்கு இப்படி வருகிறது. மகளுக்காக எப்படியும் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகத்தான் வேண்டும், ஒன்பது வயதுப் பிள்ளை ஏழு வருடம் பொறுப்பது ஒரு வழியே இல்லை. அந்த மனுவிலேயே மகனின் பெயரையும் சேர்த்துவிட வேண்டும். அதே சான்று, அதே தவணை, கூடுதல் செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. பாஸ்போட்டை மட்டும் அவன் ஒக்டோபரில் 16 நிறைந்த பிறகு 10 ஆண்டுக்கு எடுக்கட்டும், கட்டளை அவனுக்கு விசாவுக்குப் பயன்படும். வழக்கு எப்படியும் சில மாதம் போகும், ஆகவே அவன் பொறுப்பதால் குடும்பத்தின் பயணம் ஒரு நாளும் பிந்தாது.

வழக்கு போட்ட பிறகு தகப்பன் கட்டாரிலிருந்து தானாகவே தொடர்புகொண்டு “கடிதம் தருகிறேன், வழக்கை எடு” என்றால்? கடிதத்தை வாங்குங்கள், வழக்கை எடுக்காதீர்கள். அவர் சம்மதம் என்றால் அதையே நீதிமன்றத்தில் சொல்லிச் சம்மதக் கட்டளையாக முடித்துக்கொள்ளலாம், பிள்ளைகளை அவர் பார்க்கவும் பேசவும் உள்ள உரிமையையும் அதிலேயே எழுதிவிடலாம். அவருக்கும் அது நல்லது. கடிதத்தோடு நிறுத்தினால் 2029இல் அவர் மறுபடி நம்பர் மாற்றியிருக்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

கட்டளை கிடைத்த அன்றே நீதிமன்றப் பதிவாளரிடம் அத்தாட்சிப்படுத்திய பிரதிகள் நாலைந்து சேர்த்து எடுத்துவிடுங்கள். ஒன்று திணைக்களத்துக்கு, ஒன்று விசாவுக்கு, ஒன்று கட்டுநாயக்காவில் யாராவது கேட்டால் காட்டக் கைப்பையில், மிச்சம் 2029க்கு. கட்டளை சிங்களத்திலோ தமிழிலோ இருக்கும், வெளிநாட்டுத் தூதரகத்துக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். பெயர் எழுத்துகள் பிறப்புச் சான்றிதழிலும் கட்டளையிலும் மொழிபெயர்ப்பிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பதிவாளர் கவுண்டரில் நின்றே பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கண்ட பிழையைத் திருத்த இன்னொரு பிரேரணை போட வேண்டிவரும்.